ஊர் வங்கியின் பாஸ்புக்கும் செக் புக்கும் தொலைந்தால்: சிங்கப்பூரிலிருந்து எழுதும் கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் ஒரு வங்கிக் கிளையில் சில வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். இப்போது ஈசூனில் இருக்கிறேன். புளோக்குக்குக் கீழே தேநீர் குடிக்கப் போனால் யாராவது ஒருவர் இந்தக் கடிதத்தைப் பற்றித்தான் கேட்கிறார், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கீழே சொல்வது தமிழ்நாட்டுக் கிளைகளில் உள்ள கணக்குகளுக்கு. சிங்கப்பூர் வங்கிக் கணக்குக்கு ஒரு கேள்வி போதும், அது கடைசிப் பக்கமாக இருக்கிறது.

பஸ்ஸில் பையை விட்டுட்டேன், பாஸ்புக், செக் புக் ரெண்டும் அதுல. இன்னைக்கே கடிதம் எழுதி போஸ்ட் பண்ணவா?

முதலில் போன், அப்புறம்தான் கடிதம். பாஸ்புக் தொலைந்ததை நாளைக்குச் சொன்னாலும் ஒன்றும் ஆகிவிடாது, அதைக் காட்டி யாரும் அவ்வளவு எளிதில் பணம் எடுக்க முடியாது. செக் புக் அப்படி இல்லை. முன்பெல்லாம் ஒரு செக்கைப் போட்டால் பணம் வர ஒரு நாள் இரண்டு நாள் ஆகும், அந்த இடைவெளியில் நாம் விழித்துக்கொள்ளலாம். 2025 அக்டோபர் 4-ஆம் தேதி முதல் ரிசர்வ் வங்கி அதை மாற்றிவிட்டது. பகலில் வரும் செக்குகள் வர வர ஸ்கேன் செய்து அனுப்பப்படுகின்றன, நம் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். அதாவது காலையில் போட்ட செக் அன்றைக்கே பாஸ் ஆகிவிடலாம். நீங்கள் அனுப்பும் கடிதம் விமானத்தில் இருக்கும்போதே கதை முடிந்துவிடும்.

நெட் பேங்கிங்கோ வங்கியின் ஆப்போ வேலை செய்தால் அதிலேயே ஸ்டாப் பேமெண்ட் போடுங்கள், அதுதான் வேகமானது. இல்லை என்றால் வாடிக்கையாளர் சேவைக்குப் போன். 1800 என்று தொடங்கும் இந்திய இலவச எண்கள் இங்கிருந்து பெரும்பாலும் கிடைக்காது, வங்கியின் இணையதளத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கென்று தனி எண் இருக்கும், அதைப் பாருங்கள். கிளைக்கே பேச வேண்டும் என்றால் அங்கே 10 மணி என்பது நமக்கு மதியம் பன்னிரண்டரை. சாப்பாட்டு நேரத்தில் பேசிவிடலாம். பேசி முடித்ததும் அவர்கள் தரும் புகார் எண், பேசிய தேதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், நேரத்துக்குப் பக்கத்தில் இந்திய நேரமா சிங்கப்பூர் நேரமா என்றும். கடிதத்தில் இந்த மூன்றும் வரும்.

செக் நம்பர் கேக்குறாங்க. அடிக்கட்டையும் செக் புக்கோடதானே போச்சு, நான் எங்க போய் பார்க்குறது?

நம்பரைக் கண்டுபிடிக்கலாம். போன மாதம் ஒருவருக்கு உட்கார்ந்து செய்ததை அப்படியே சொல்கிறேன், எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவர் ஒரத்தநாட்டுப் பக்கம் வீடு கட்டுகிறார், அதற்காக 25 தாள் உள்ள செக் புக்கை ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்தார். செக்கின் அடியில் மை எழுத்தில் ஒரு வரிசை எண் ஓடும் இல்லையா, அதில் இடப்பக்கம் முதலில் இருக்கும் 6 இலக்கம்தான் செக் நம்பர். நமக்கு வேண்டியது அது மட்டுமே.

அவருடைய ஸ்டேட்மெண்டை எடுத்தோம். பாஸ் ஆன ஒவ்வொரு செக்குக்கும் எதிரே நம்பர் இருக்கும். முதல் செக் 412651, கடைசியாக பாஸ் ஆனது 412657. புத்தகம் 412651-இல் தொடங்கியதா என்று எப்படித் தெரியும்? கிளையில் கேட்டால் இந்தக் கணக்குக்குக் கொடுத்த புத்தகம் இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை, இவை பாஸ் ஆகிவிட்டன, இவை இன்னும் வரவில்லை என்று அவர்கள் திரையிலேயே தெரியும். சில வங்கிகளின் ஆப்பில் செக் நிலை பார்க்கும் இடத்திலும் அது இருக்கிறது. கேட்டோம், 412651 முதல் 412675 வரை என்றார்கள். ஏழு தாள் பாஸ் ஆகிவிட்டது, மீதி 18. அந்த 18-ஐயும் நிறுத்தச் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் போனை எடுத்தார். நான் தடுத்தேன். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

மொத்தமா எல்லாத் தாளையும் ஸ்டாப் பண்ணிட்டா நிம்மதிதானே?

யாருக்காவது செக் கொடுத்து அது இன்னும் வங்கிக்கு வராமல் இருந்தால் நிம்மதி போய்விடும். நம்ம ஆள் கொத்தனாருக்கு 412658-ஐ 85,000 ரூபாய்க்குக் கொடுத்திருந்தார், கொத்தனார் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர்த் திருவிழா முடியட்டும் என்று இருந்தார். தொலைந்த புத்தகத்தோடு சேர்த்து அதையும் நிறுத்தினால் செக் திரும்பும். கணக்கில் பணம் இருந்தாலும், நிறுத்தச் சொன்னதால் திரும்பியது என்பது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவிலிருந்து தப்பிக்கும் வழி இல்லை, உச்ச நீதிமன்றம் 1998-லேயே இதைச் சொல்லிவிட்டது. வழக்கு நிற்குமா நிற்காதா என்பது ஒரு பக்கம். ஊரில் கொத்தனார் வேலையை நிறுத்திவிட்டுப் போவது இன்னொரு பக்கம்.

ஆகவே நிறுத்த வேண்டியது 412659 முதல் 412675 வரை, 17 தாள். 412658 என்பது நான் கொடுத்த செக், அதற்குப் பணம் கொடுக்கலாம் என்று கடிதத்தில் தனி வரியாக எழுத வேண்டும். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்குப் பாசிட்டிவ் பே என்று ஒன்று 2021-இலிருந்து இருக்கிறது. செக் நம்பர், தேதி, தொகை, யார் பெயருக்கு என்பதை நாமே வங்கிக்கு முன்கூட்டிச் சொல்லி வைப்பது. அவர் ஆப்பில் அதையும் போட்டுவிட்டார், செக் பாஸ் ஆனது.

செக் எழுதிய தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும். அதற்கு முந்தியதாக ஏதாவது வெளியே கிடந்தால் கவலைப்பட வேண்டாம். கடனுக்கு ஈடாகத் தேதி போடாமல் கொடுத்த செக் இருந்தால் மட்டும் கவனம், அது யாரிடம் இருக்கிறது, என்ன எண் என்று யோசித்து எழுதுங்கள்.

அண்ணே, அவசரத்துக்கு ஆகட்டும்னு நாலு தாள்ல கையெழுத்து மட்டும் போட்டு வெச்சிருந்தேன்...

இதைக் கடைசியாகச் சொல்கிறீர்களே! வெளிநாட்டில் இருப்பவர்கள் நிறையப் பேர் செய்வதுதான், ஆனால் உங்களுக்கு இது வேறு கணக்கு. கையெழுத்தில்லாத தாளில் திருடன் கையெழுத்தைப் போலியாகப் போட வேண்டும், அதை வங்கி கண்டுபிடிக்கவில்லை என்றால் பொறுப்பு வங்கிக்கு. நீங்களே போட்ட கையெழுத்து அசலாயிற்றே, வங்கி என்ன செய்யும்? தொகையை எழுதிக் கவுண்டரில் நீட்டினால் பணம் கொடுத்துவிடுவார்கள். உடனே நிறுத்துங்கள், கடிதத்திலும் மறைக்காமல் "இவற்றில் 4 தாள்களில் என் கையெழுத்து இருக்கிறது" என்று எழுதுங்கள். படிக்கும் அதிகாரிக்கு அவசரம் புரியும், நாளைக்கு ஏதாவது நடந்தால் நீங்கள் முன்பே சொன்னதற்கு ஆதாரமும் ஆகும்.

சரி, கடிதத்துல என்ன எழுதணும்? ஒரு மாதிரி குடுத்தா புண்ணியமா போகும்.

மேலே சொன்னவருக்கு எழுதியதையே தருகிறேன். பெரிய விளக்கம் வேண்டாம், பை எப்படித் தொலைந்தது என்று முழுக் கதையும் வேண்டாம், ஒரு வரி போதும். கிளையில் இதைப் படிப்பவர் கூட்டத்துக்கு நடுவில் படிப்பார், எண்கள் அவர் கண்ணில் பட வேண்டும்.

அனுப்புநர்: (வங்கியில் உள்ளபடி பெயர்), சிங்கப்பூர் முகவரி, ஊர் முகவரி, வங்கியில் பதிந்த கைபேசி எண்

பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளை)

நாள்: ............

பொருள்: சேமிப்புக் கணக்கு எண் ............ – பாஸ்புக், செக் புக் தொலைந்தது – நகல் பாஸ்புக்கும் புதிய செக் புக்கும் வேண்டுதல்

ஐயா / அம்மா,

மேற்கண்ட கணக்கு என் பெயரில் உங்கள் கிளையில் உள்ளது. ............ அன்று சிங்கப்பூரில் பேருந்தில் சென்றபோது இக்கணக்கின் பாஸ்புக்கும் செக் புக்கும் இருந்த பை தொலைந்துவிட்டது. தேடியும் கிடைக்கவில்லை.

1. 412659 முதல் 412675 வரையிலான 17 செக்குகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். இதை ............ அன்று இந்திய நேரம் ............ மணிக்குத் தொலைபேசியில் தெரிவித்துள்ளேன். புகார் எண் ............

2. செக் எண் 412658, ரூ.85,000, நான் கொடுத்தது. அதை நிறுத்த வேண்டாம்.

3. தொலைந்த புத்தகத்தில் உள்ள ரெக்விசிஷன் ஸ்லிப்பைக் கொண்டு யார் வந்தாலும் செக் புக் கொடுக்க வேண்டாம்.

4. எனக்கு நகல் பாஸ்புக் ஒன்றும், 25 தாள்கள் கொண்ட புதிய செக் புக் ஒன்றும் வழங்க வேண்டுகிறேன். இவற்றுக்கான கட்டணத்தை என் கணக்கிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

5. தொலைந்த பாஸ்புக் பின்னர் கிடைத்தால் கிளையில் ஒப்படைத்துவிடுவேன்.

இணைப்பு: பாஸ்போர்ட் நகல், வேலை அனுமதி நகல்

இப்படிக்கு,
(வங்கியில் உள்ள அதே கையெழுத்து)

கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாததால் மேசையிலேயே கிடந்த கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூணாவது வரியில அந்த ஸ்லிப் என்னது? நான் பார்த்ததே இல்லையே.

பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். செக் புக்கின் உள்ளே அடுத்த புத்தகம் கேட்பதற்கென்று ஒரு சின்னத் தாள் இருக்கும், உங்கள் கணக்கு எண்ணெல்லாம் அதில் அச்சாகியே இருக்கும். அதைப் பூர்த்தி செய்து கையெழுத்திட்டுக் கொடுத்தால் புதுப் புத்தகம் வரும். பையை எடுத்தவன் கையில் இப்போது அதுவும் இருக்கிறது, போதாக்குறைக்கு பாஸ்புக்கில் உங்கள் பெயர், முகவரி, போட்டோ. நீங்கள் 17 தாளை நிறுத்தியிருக்கிறீர்கள், புதிதாக வரப்போகும் 25 தாளை யார் நிறுத்துவது? அதற்குத்தான் அந்த வரி. இந்தக் கடிதத்தில் நிறையப் பேர் விட்டுவிடுகிற ஒரே வரி எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

அதே காரணத்தால்தான் உங்களுக்குப் புதுப் புத்தகம் கொடுக்கக் கடிதமே கேட்கிறார்கள். ஸ்லிப் இல்லாமல் கேட்பவர் உண்மையிலேயே கணக்குக்காரர்தானா என்று அவர்கள் பார்த்தாக வேண்டும்.

தமிழ்ல எழுதலாமா? கையெழுத்து முன்னாடி மாதிரி இப்ப வராதே.

தாராளமாகத் தமிழில் எழுதலாம். மேலாளர் வேறு மாநிலத்துக்காரராக இருந்தால் கிளையில் யாராவது படித்துச் சொல்வார்கள், எண்கள் சரியாக இருப்பதுதான் முக்கியம்.

கையெழுத்து விஷயம் அப்படி இல்லை. கணக்கு தொடங்கியபோது தமிழில் போட்டிருந்தால் இப்போதும் தமிழில்தான். இங்கே வந்து பத்திரங்களுக்காக ஆங்கிலத்துக்கு மாறிய ஒருவர் அந்தப் புதுக் கையெழுத்தைப் போட்டு அனுப்பினார், கடிதம் திரும்பி வந்தது. உங்கள் கையெழுத்து நிஜமாகவே மாறிவிட்டது என்றால் அதற்குத் தனியாக ஒரு விண்ணப்பம், அடையாளச் சான்றோடு. நகல்களில் சான்றொப்பம் கேட்டால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கி சில வழிகள் கொடுத்திருக்கிறது. இந்திய வங்கியின் வெளிநாட்டுக் கிளை அதிகாரி போடலாம், இங்கே உள்ள நோட்டரி போடலாம், இந்தியத் தூதரகத்திலும் வாங்கலாம். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஸ்டேட் பாங்க் எல்லாவற்றுக்கும் சிங்கப்பூரில் கிளை உண்டு. போவதற்கு முன் போன் செய்து, செய்து தருவீர்களா என்று கேளுங்கள்.

ஜாயிண்ட் கணக்கு என்றால், "இருவரில் ஒருவர்" என்ற முறையில் இருந்தால் ஒருவர் கையெழுத்தே பொதுவாகப் போதும். "இருவரும் சேர்ந்து" என்றால் இருவரும் போட வேண்டும்.

கடிதத்துல சிங்கப்பூர் அட்ரஸ் போட்டா பிரச்சினை வரும்னு ஒருத்தர் சொன்னார்.

பிரச்சினை அட்ரஸில் இல்லை, கணக்கில். ஊரில் இருந்தபோது தொடங்கிய சாதாரண சேமிப்புக் கணக்கை, வேலைக்கு வெளிநாடு வந்த பிறகும் அப்படியே வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியிருக்க வேண்டும். நீங்கள் சிங்கப்பூர் முகவரியோடு எழுதினதும் கிளையில் இருப்பவர் கவனித்துக் கேட்பார். இதற்கு பயந்து ஊர் முகவரியை மட்டும் போட்டு, தம்பியை விட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம், அது மோசடியில் முடியும்.

செய்ய வேண்டியது வரிசையை மாற்றுவதுதான். ஸ்டாப் பேமெண்ட் உடனே. அடுத்து என்ஆர்ஓவாக மாற்ற விண்ணப்பம், பாஸ்போர்ட், வேலை அனுமதி, இங்குள்ள முகவரிச் சான்று எல்லாம் வைத்து. மாறிய பிறகு பாஸ்புக்கும் செக் புக்கும். முதலிலேயே செக் புக் வாங்கிவிட்டால் கணக்கு மாறியதும் அதைத் திரும்பக் கொடுத்துவிட்டு இன்னொன்று வாங்க நேரிடலாம், இரண்டு முறை கட்டணம். என்ஆர்ஓவில் வட்டிக்கு 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் வரியாகப் பிடிப்பார்கள் என்பது கசப்புதான், ஆனால் அதற்காக மாற்றாமல் இருக்க முடியாது.

புது செக் புக்கை இங்க அனுப்புவாங்களா? அம்மா போய் வாங்கிக்கலாமா?

வங்கிக்கு வங்கி மாறும். வெளிநாட்டுக்கு அனுப்பாத வங்கிகள் பல, பதிவான ஊர் முகவரிக்குத்தான் அனுப்புவார்கள். அந்த முகவரி பழைய வாடகை வீடாக இருந்தால் புதுச் செக் புக்கும் தொலைந்ததுக்குச் சமம், அதனால் கடிதம் அனுப்பும் முன் எந்த முகவரி பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். வீடு பூட்டியிருந்தால் புத்தகம் கிளைக்குத் திரும்பும்.

அம்மா போய் வாங்க வேண்டும் என்றால் அதிகாரக் கடிதம் தனியாக வேண்டும், அதில் அம்மாவின் கையெழுத்தை நீங்கள் சான்று செய்ய வேண்டும், அம்மா ஆதாரை எடுத்துப் போக வேண்டும். பாஸ்புக்கைப் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். செக் புக்கை மூன்றாவது ஆளிடம் கொடுக்கச் சில கிளைகள் மறுக்கும், மறுப்பது தப்பும் இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ள முடியும் என்றால் "நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிவிடுங்கள், அதுவரை நெட் பேங்கிங்கில் ஓட்டலாம்.

புது பாஸ்புக்ல பழைய வரவு செலவெல்லாம் இருக்குமா?

பொதுவாக இருக்காது. நகல் என்று முத்திரை குத்தி, அன்றைய இருப்பிலிருந்து தொடங்கித் தருவார்கள். பழைய வரிகளையும் அச்சடித்துத் தரச் சொன்னால் கூடுதல் கட்டணம், ஜிஎஸ்டியோடு. வீட்டுக் கடனுக்கோ வரிக்கோ பழையது தேவை என்றால் ஆப்பில் ஸ்டேட்மெண்ட் எடுத்துக்கொள்வது மேல்.

போலீஸ் புகார் வேணுமா?

பாஸ்புக்குக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. கையெழுத்திட்ட தாள்கள் இருந்தாலோ பை திருடுபோயிருந்தாலோ கொடுத்துவிடுங்கள், சிங்கப்பூர்க் காவல்துறையின் இணையச் சேவையில் சிங்பாஸ் வழியாக முடியும். பாஸ்போர்ட்டும் அதே பையில் என்றால் புகார் கட்டாயம்.

அந்தக் கணக்கைத் தொட்டு மூணு வருஷம் ஆச்சு.

அப்படியானால் கடிதம் மட்டும் போதாது. 2 வருடத்துக்கு மேல் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யவில்லை என்றால் கணக்கு செயலற்றதாகியிருக்கும், செக் புக் தர மாட்டார்கள். புதிதாக அடையாளச் சான்றுகள் கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

என்னோடது சிங்கப்பூர் பேங்க் பாஸ்புக்தான், அதுக்கும் இதே கடிதமா?

இல்லை. அடையாள அட்டையோடு கிளைக்குப் போங்கள், அங்கேயே வேலை முடியும். செக் புக் மட்டும் உண்மையில் தேவைதானா என்று யோசியுங்கள், இங்குள்ள பெரிய வங்கிகள் 2023 நவம்பருக்குள் வெள்ளிச் செக்குகளுக்குக் கட்டணம் வாங்க ஆரம்பித்துவிட்டன. பேநவ் இருக்கிறது.

எல்லாம் பண்ணி முடிச்சப்புறம் பழைய பை கிடைச்சிடுச்சு! ஸ்டாப்பை எடுக்கச் சொல்லி பழைய செக்கையே யூஸ் பண்ணலாமா?

எடுக்க முடியும், ஆனால் நான் செய்ய மாட்டேன். பை எத்தனை நாள் யார் கையில் இருந்தது என்று தெரியாது, முதலில் தாள்களை எண்ணிப் பாருங்கள், நடுவில் இருந்தோ கடைசியில் இருந்தோ ஒன்றைக் கிழித்தால் சட்டென்று தெரியாது. ஒரத்தநாட்டுக்காரருக்கும் பை பஸ் முனையத்தில் கிடைத்தது, 17 தாளும் இருந்தன. அடியில் உள்ள எண் வரிசையையும் கையெழுத்து இடத்தையும் குறுக்கே வெட்டிப் போட்டோம், ஸ்லிப்பையும் சேர்த்து. பழைய பாஸ்புக்கை அவர் தீபாவளிக்குப் போகும்போது கிளையில் கொடுத்துவிட்டு, நாலாவது வரியில் கேட்ட புதுச் செக் புக்கைக் கையோடு வாங்கி வந்தார். இந்த முறை அடிக்கட்டையை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார்.